எது இலவசச் சட்டை?

துணிக்கடை ரிட்டர்ன் கவுண்டரில் ஒரு அம்மா கிழிந்த சட்டையை என் முன் விசிறியடித்தார். இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். பில்லில் அறுநூறு, அறுநூறு, பூஜ்யம், வரி தனி. கிழிந்ததைத் திருப்பினால் தரவேண்டிய பணம் என்று கணினி காட்டியதும் பூஜ்யம்.

"கிழிஞ்சதெல்லாம் ஃப்ரீயா? யாரை ஏமாத்துறீங்க?"

நான்கு மாதமாக இதே திட்டு. அன்று பில்லிங் மென்பொருள்காரன் கடையிலேயே இருந்தான். கையோடு இழுத்து வந்தேன்.

"கடைசியா ஸ்கேன் பண்ணதுதான் ஃப்ரீ, அக்கா. அதுக்கு எப்படிக் காசு திருப்பித் தர்றது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்டாண்டிலிருந்து அதே சட்டை மூன்றை உருவி, மேசையில் கலைத்துப் போட்டேன்.

"ஒரே பார்கோடு. இதுல எது கடைசி? தொட்டுக் காட்டு!"

அவன் மூன்றையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தான்.

"தள்ளுபடியை மூணு சட்டைக்கும் பிரிச்சுப் போடு. ஒரு சட்டை நானூறு. எதைத் திருப்பினாலும் நானூறும் அதுக்கான வரியும் போகும். நாலு மாசமா மெயில் போட்டேனே, படிச்சியா?"

உட்கார்ந்து தட்டினான். நானூறு, நானூறு, நானூறு. அந்த அம்மாவுக்குப் பணம் போனது.

"முடிஞ்சுது அக்கா. பத்து நிமிஷ வேலைதான்" என்று சிரித்தான்.

பத்து நிமிஷம். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.