எட்டாவது ஸ்லைடு

லிஃப்ட் பழுதுபார்க்கும் அந்தக் கம்பெனியில் ஒன்றரை வருடத்தில் மூன்று மேனேஜர்கள் வந்து போயிருந்தார்கள். அதனால் புதிதாக வந்தவளுக்குப் பட்டப்பெயர் யோசிக்க மெக்கானிக்குகள் மெனக்கெடவில்லை. நாலாமவள் என்று வைத்துவிட்டார்கள். சேர்ந்த மூன்றாம் நாளே அது அவள் காதுக்கு வந்தது. கோபம் வரவில்லை. சீக்கிரமே ஐந்தாவது ஆளைத் தேட ஆரம்பித்துவிடுவார்களோ என்று பயம்.

போன வேலையில் தகுதிகாண் காலம் முடிவதற்குள்ளேயே அனுப்பிவிட்டார்கள். இங்கேயும் அப்படி ஆனால் எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது? அம்மா ஏற்கெனவே சொந்தபந்தம் ஒருவர் விடாமல் போன் போட்டு, மகள் மேனேஜர் ஆன கதையைச் சொல்லி முடித்திருந்தாள்.

திங்கட்கிழமை டைரக்டர் கூப்பிட்டுச் சொன்னார். "ஸ்பானர் வேற இடத்துல வேலைக்குப் பேசிட்டு இருக்கார்னு கேள்வி. அவர் போனா மத்த அஞ்சு பேரும் பின்னாலயே போயிடுவாங்க. வெள்ளிக்கிழமை உங்க தொண்ணூறு நாள் திட்டத்த டீமுக்குச் சொல்லுங்க. கடைசி பத்து நிமிஷம் நானும் வரேன். எப்படியாவது அவர நிறுத்தி வைங்க."

ஸ்பானர் என்பவர் அங்கே இருபத்திரண்டு வருடமாக இருக்கும் மூத்த மெக்கானிக். மற்றவர்கள் பேனா செருகும் சட்டைப்பையில் அவர் ஒரு சின்ன ஸ்பானரைச் செருகியிருப்பார். பேசுவது குறைவு. பேசாமல் இருப்பதாலேயே எல்லோரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான்கு நாள் கம்ப்யூட்டர் முன்னால் தவம் கிடந்து அவள் பத்து ஸ்லைடு செய்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அவள் ஒத்திகை பார்க்க, கணவன் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லாதான் இருக்கு," என்றான். "ஆனா நீ பேசற மாதிரி இல்ல."

"எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்க."

"சரி, அப்ப விடு."

அவன் விட்டுவிட்டான். அவளால் விட முடியவில்லை. பஸ்ஸில் போகும்போதும் அது உறுத்திக்கொண்டே வந்தது.

மீட்டிங் அறையில் ஆறு மெக்கானிக்குகளும், புகார் போன்களை எடுக்கும் அம்மாளும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாளை எல்லோரும் போன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்பானர் முன்னால் மேசைமேல் ஒரு வெள்ளை உறை இருந்தது. ராஜினாமாக் கடிதம்தான், கேட்க வேண்டிய அவசியமே இல்லை. நாலாமவள் அதைப் பார்க்காமல் முதல் ஸ்லைடைப் போட்டாள்.

ஆரம்பம் பரவாயில்லை. முதல் முப்பது நாள் எதையும் மாற்றமாட்டேன் என்றாள். ஒவ்வொருவரோடும் தனியாக ஒரு மணி நேரம் பேசுவேன், ஒவ்வொரு மெக்கானிக்கோடும் ஒரு முழுநாள் வேலைக்கு வருவேன் என்றாள். அடுத்த முப்பது நாளில், உங்களைப் படுத்தும் விஷயங்களில் நீங்களே இரண்டைச் சொல்லுங்கள், அதைச் சரிசெய்வோம் என்றாள். ஒருவன் கட்டியிருந்த கையைப் பிரித்து நிமிர்ந்து உட்கார்ந்தான். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

எட்டாவது ஸ்லைடு வந்தது. மூன்றாவது முப்பது நாள். ஒரு பச்சைக் கோடு சரிந்து இறங்கியது.

"இப்ப ஒரு புகார் வந்து அது முடிய சராசரி நாப்பத்திரண்டு நிமிஷம் ஆகுது. ரொம்ப நல்ல வேலை. தொண்ணூறாவது நாள் இத முப்பதுக்குக் கொண்டுவரணும்."

ஸ்பானர் உறையை எடுத்து மேசையின் குறுக்கே அவள் பக்கமாகத் தள்ளினார்.

"மேடம், எனக்கு ஒரு வேலை இருக்கு. கிளம்பறேன்."

"அண்ணா, ஒரு நிமிஷம்." குரல் கெஞ்சலாக வந்தது. "எங்க தப்பு பண்ணேன்னு சொல்லிட்டுப் போங்க. எனக்கு நிஜமாவே தெரியல."

அவர் போன் அக்காவைப் பார்த்தார். போன் அக்கா கைப்பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து உறைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"அந்த நாப்பத்திரண்டு நிமிஷம் இவங்க பைக்ல போய்ச் சேர்ற நேரம், மேடம். ஒரு மணி நேரத்துல முடியலன்னா அந்தப் புகார் கம்ப்யூட்டர்ல சிவப்பாயிடும். சிவப்பானா பழைய மேனேஜர் போன்லயே காய்ச்சுவார், கட்டடத்துக்காரங்க முன்னாடியே. அதனால வாசல்ல இறங்கினதும் போன்ல முடிஞ்சதுன்னு அழுத்திடுவாங்க. அப்புறம்தான் டூல் பையத் திறந்து வேலையே ஆரம்பிக்கறது. நிஜ நேரம் இதுல இருக்கு. நான் எழுதி வெச்சுக்கறேன். இல்லன்னா யார் எங்க இருக்காங்கன்னு எனக்கே தெரியாது."

நாலாமவள் நோட்டைப் புரட்டினாள். மூன்று மணி. ஐந்தரை மணி. பாகம் வராமல் இரண்டு நாள். ஒரே கட்டடத்தின் ஒரே லிஃப்ட் கதவு, ஒரே வாரத்தில் மூன்று முறை. அது கம்ப்யூட்டரில் மூன்று தனித்தனிப் புகாராக, மூன்றும் பச்சையாக இருந்ததை அவளே பார்த்து மெச்சியிருந்தாள். முதலில் கேட்பேன் என்று ஸ்லைடில் எழுதியவள், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் இலக்கை வைத்துவிட்டாள். திட்டம் மொத்தமும் மண்ணாய்ப் போயிற்று, கூடவே வேலையும் போயிற்று என்று தோன்றியது.

அப்போதுதான் டைரக்டர் கதவைத் திறந்து உள்ளே வந்தார். ஸ்பானர் நின்றபடியே இருந்தார். போன் அக்கா நோட்டை இழுத்து மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஆறு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

பேசாமல் ஒன்பதாவது ஸ்லைடுக்குப் போயிருக்கலாம். டைரக்டர் தலையாட்டியிருப்பார். அவள் எட்டாவது ஸ்லைடிலேயே நின்றாள். நாற்பத்திரண்டை அழித்தாள். முப்பதையும் அழித்தாள். பச்சைக் கோட்டையும் எடுத்துவிட்டாள்.

"ஏன் காலியா இருக்கு?" என்றார் டைரக்டர்.

"இப்ப நிஜமா எவ்வளவு நேரம் ஆகுதுன்னு எனக்குத் தெரியாது, சார். தெரியாம இலக்கு வைக்க முடியாது. இன்னிலேருந்து லிஃப்ட் ஓடின பிறகுதான் புகார முடிப்போம். முதல் முப்பது நாள் அத மட்டும் அளப்போம். பட்டியல் முழுக்கச் சிவப்பா இருக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

"அப்ப இத்தன நாள் எனக்குக் காட்டினது பொய்யா? யார் பண்ணது?"

"சிவப்பானா திட்டு விழும்னு பழக்கினது நம்ம பக்கம், சார். பயந்து அழுத்தினவங்கள ஏன் கேக்கணும்?"

டைரக்டர் காலி ஸ்லைடையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொண்ணூறு நாளெல்லாம் வேண்டாம்," என்றார். "முப்பது நாள் தரேன். அதுக்குள்ள நம்பர் ஒரு நிலைக்கு வரலன்னா உங்க இடத்துல வேற ஆளப் பாக்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது. நாலாமவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நிஜ நேரத்தை அளந்தால் முப்பது நாளில் நம்பர் ஏறத்தான் செய்யும், இறங்காது. அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று அவள் மனம் இப்போதே வார்த்தை தேட ஆரம்பித்தது.

ஸ்பானர் உறையைத் திரும்ப எடுத்தார். கடிதத்தைப் பிரித்து மேசைமேல் வைத்துச் சட்டைப்பையைத் தடவினார். அதில் ஸ்பானர்தான் இருந்தது.

"பேனா இருந்தா குடுங்க, மேடம்."

கொடுத்தாள். அவர் கடிதத்தில் இருந்த இன்றைய தேதியை அடித்துவிட்டு, மாட்டியிருந்த காலண்டரில் விரல் வைத்து எண்ணி, முப்பது நாள் தள்ளி ஒரு தேதி எழுதினார். எழுதியதை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"உங்கள அனுப்பற அன்னிக்கு இதையும் சேத்தே டைரக்டர்கிட்ட குடுத்துடுங்க," என்றார். "நாளைக்கு ஏழு மணிக்கு வாங்க. அந்தக் கதவுக்கு நாலாவது தடவ போகணும். பழைய செருப்பா போட்டுக்கங்க, லிஃப்ட் குழில கிரீஸ் இருக்கும்."

பக்கத்தில் இருந்த மெக்கானிக், அந்தப் பேனாவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளச் சொன்னான். அவன் கையிலும் ஒரு உறை இருந்தது.