அரை ஏக்கர் சாமந்தி

கஜபதிக்கு அந்த யோசனை வந்தது அவன் பாவா வீட்டுக்குப் போய்வந்த அன்று. போகாமலே இருந்திருக்கலாம் என்று தமயந்தி பிற்பாடு நூறு தடவை நினைத்துக்கொண்டாள்.

பாவா என்றால் அக்கா புருஷன் பச்சையப்பன். திருவாலங்காட்டுப் பக்கம் நிலம். போன வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு முன்னால் துலுக்கச் சாமந்தி பறித்து மூட்டை கட்டினாராம், விடியற்காலை ரயிலில் ஏற்றினாராம், திருத்தணியில் இறக்கிக் கேட்ட விலைக்கு விற்றாராம். ஊருக்குத் திரும்பிய கஜபதிக்குச் சோறு இறங்கவில்லை.

"இந்த வருசம் கெணத்தாண்ட நிலத்துல கேவுரு வேணாம். பூவு வெக்கலாம்" என்றான்.

கிணற்றடி நிலம் என்பது அரை ஏக்கர். அதுதான் அவர்களுக்குத் தண்ணீர் பாய்கிற ஒரே மண். சித்திரையில் கேழ்வரகு நட்டால் ஆடியில் நாலு மூட்டை வரும். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், வருஷம் முழுக்கக் களியும் கூழும் அதில்தான். மாட்டுக்குத் தாளும் அதில்தான். மற்றதெல்லாம் வானம் பார்த்த செம்மண் மேடு. ஆடியில் மழை இறங்கினால் வேர்க்கடலை போடுவார்கள். அது கைக்காசுக்கு.

"காசுக்குத்தான் வேர்க்கல்ல இருக்குதே" என்றாள் தமயந்தி. " மூட்ட கட்டி மூலையில போட்டா வியாபாரி வர்ற வரைக்கும் கெடக்கும். பூவு கெடக்குமா?"

"பாவா பண்றாரே!"

"உங்க பாவாவுக்கு ஏரிக்குக் கீழ ரெண்டு ஏக்கரு நெல்லு வெளையுது. சோத்துக்கு அது இருக்குது. பூவு போனாலும் அவரு சாப்பிடுவாரு. வூட்டாண்டயே ரயிலு வேற. நமக்கு இன்னா இருக்குது? திருத்தணிக்கு ஏழு மைலு ரோடும் அந்த ஓட்ட பஸ்ஸும்."

"பஸ்ஸு ரயில விட வேகமா போவும்" என்றான் கஜபதி. இந்த மனுஷனிடம் என்ன பேசுவது?

நட்டான். கத்திரி வெயிலில் கிணறு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு வேளை மாடு கட்டிக் கவலை இறைத்தால் மறுபடி ஊற ஒரு பகல் வேண்டும். வரப்போரமாவது நாலு வரிசை கேழ்வரகு நடலாம் என்று தமயந்தி கேட்டாள். பூவுக்கே தண்ணீர் எட்டவில்லை என்று சொல்லிவிட்டான். அவளும் முணுமுணுத்துக்கொண்டேதான் மாட்டை ஓட்டினாள், களை எடுத்தாள். பூ என்னவோ நன்றாகத்தான் பூத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். நிலமே மஞ்சளாக நின்றபோது அவளுக்கே ஒரு கணம் ஆசை வந்துவிட்டது. அந்த ஆசைக்காகத்தான் அவளுக்குத் தன்மேலேயே அதிகக் கோபம்.

கிருத்திகைக்கு முதல் நாள், பரணியன்று, இருட்டோடு பறித்து மூன்று கூடை நிரப்பி ஆறு மணிக்கெல்லாம் ரோட்டில் நின்றார்கள். முதல் பஸ் வந்தது. படியில் பத்துப் பேர், ஏணியில் ஆறு பேர், கூரைமேல் காவடிகள்.

"கூடையா? மனுசனுக்கே எடம் இல்லம்மா!" என்று கண்டக்டர் கத்தினார். பஸ் நிற்கவே இல்லை.

இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது நின்றது, கண்ணாடி துடைக்க. கிருத்திகைக்குத்தான் பூவுக்கு விலை. அதே கிருத்திகைக்குத்தான் ஜில்லா முழுக்க இந்தப் பஸ்ஸில் ஏறும். இது மூன்று மாதமாக இந்த மனுஷன் மண்டையில் உதிக்கவில்லை. தன் மண்டையிலும் உதிக்கவில்லையே என்று தமயந்தி பல்லைக் கடித்தாள். ஊரில் இருந்த வண்டியெல்லாம் நேற்றே மலைக்குப் போய்விட்டன. வெயில் ஏறியது.

"அடுத்த பஸ்ஸு காலியா வரும்" என்றான் கஜபதி.

"ஆங், உனுக்குன்னு தனியா வுடுவான். தூக்குய்யா!"

ஒரு மூங்கில் கழியின் இரண்டு முனையிலும் கூடையைக் கட்டித் தோளில் வைத்துக்கொண்டான். மூன்றாவது அவள் தலையில். வெறுங்காலோடு, தோளில் கழியோடு, இருபுறமும் பூவோடு அவன் நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? "அரோகரா!" என்றார்கள். வழி விட்டார்கள். ஒரு அம்மாள் ஓடிவந்து காலில் தண்ணீர் ஊற்றினாள். இன்னொருத்தி நெற்றியில் விபூதி பூசி, கூடையிலிருந்து ஒரு கைப் பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளைப் பார்த்து நாலு பேர். நாலு பேரைப் பார்த்து நாற்பது பேர். அம்மையார்குப்பத்து நெசவுக்காரக் கூட்டம் ஒன்று மொத்தமாக வந்து ஆளுக்கொரு பூ எடுத்தது.

"விக்கிற பூவும்மா அது! வுடுங்க!" என்று தமயந்தி தொண்டை கிழியக் கத்தினாள். காவடிக் கூட்டத்து மேளத்தில் யாருக்குக் கேட்கும்? கஜபதியோ, எடுக்காதே என்று ஒருத்தரிடமும் சொல்லாமல் அசட்டுச் சிரிப்போடு நடந்தான். சாமி என்று கும்பிடுகிறவனை எப்படி விரட்டுவதாம்!

திருத்தணிக்குப் போய்ச் சேரும்போது உச்சி வெயில். மூன்று கூடை இரண்டாகிவிட்டது. அடிப் பூ வெந்து கசிந்திருந்தது. பூ வியாபாரி கண்ணையன் கையை விட்டுக் கிளறிப் பார்த்தார்.

"காலைல வந்திருக்கணும்மா. ரயில்ல வந்ததே குமிஞ்சு கெடக்குது. உங்க பச்சையப்பன் அஞ்சு மணிக்கெல்லாம் போட்டுட்டுப் பூட்டாரு." அவர் சொன்ன விலை, காலை விலையில் காலே அரைக்கால்.

கஜபதிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஏழு மைல் வராத ரோஷம். "இந்த வெலைக்கு நான் குடுக்க மாட்டேன். மல ஏறி முருகனுக்கே கொட்டிட்டு வந்துடறேன்!" என்று கழியைத் தூக்கினான்.

தமயந்தி கழியைப் பிடித்துக்கொண்டாள்.

"முருகன் சாப்ட்டுட்டாருய்யா. அவருக்குப் படியளக்க ஊரே வந்துகினு கீது. உன் புள்ளைங்களுக்கு யாரு அளப்பாங்க? எறக்கு!"

கஜபதி இறக்கினான்.

அவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டு நேரே தானியக் கடைக்குப் போனாள். கேழ்வரகும் விலை ஏறியிருந்தது. உங்கள் பக்கமெல்லாம் இந்த வருஷம் பூவும் கடலையுமாகப் போட்டுவிட்டார்கள், கேழ்வரகு வரவே இல்லை என்றார் கடைக்காரர். பஸ் காசு போகக் கையிலிருந்த அத்தனைக்கும் அரை மூட்டை வந்தது. நாலு மூட்டை நிற்க வேண்டிய இடத்தில் அரை மூட்டை. இன்னும் மூன்று பறிப்பு இருக்கிறது, உண்மைதான். கிருத்திகை முடிந்த மறுநாள் சாமந்தியை யார் வாங்குவார்கள்?

சாயங்காலம் ஸ்டாண்டில் பஸ் நின்றது. காலையில் கத்திய அதே கண்டக்டர்.

"ஏறும்மா, ஏறு. மூட்டைய உள்ளயே வெச்சுக்க. ஜனமெல்லாம் மலையில கீது, வண்டி காலியாத்தான் போவுது."

ஏறினார்கள். வரும்போது ஒரு கூடைக்கு இல்லாத இடம் இப்போது நாற்பது சீட்டாக விரிந்து கிடந்தது. விற்கப் போகும்போது நிற்காத வண்டி, வாங்கிக்கொண்டு திரும்பும்போது மூட்டையை வருந்தி அழைக்கிறது. தமயந்திக்கு அழுவதா, கண்டக்டரை நாலு வார்த்தை கேட்பதா என்று தெரியவில்லை. கண்டக்டர் மேல்தான் என்ன தப்பு?

"பாத்தியா, நல்ல மனுசன்" என்றான் கஜபதி. நெற்றியில் அந்த விபூதி அப்படியே இருந்தது.

அவள் சாக்கின் வாயை அவிழ்த்தாள். முந்தானையை விரித்து, இரண்டு கையாலும் கேழ்வரகை அள்ளி அள்ளி ஒரு படி அளவுக்குப் போட்டு இறுக்கி முடிந்தாள்.

"அது எதுக்கு?"

"சித்திரைக்கு வெதை. பட்டினி கெடந்தாலும் இதுல கை வெக்கக் கூடாது."

கஜபதி அந்த முடிச்சையே பார்த்தான். பஸ் ஊர் ரோட்டில் திரும்பும்போது கேட்டான்.

"அரை ஏக்கரு முழுசுக்குமா?"

"முழுசுக்கும்" என்றாள் தமயந்தி. "வரப்புல வேணும்னா நாலு செடி வெச்சுக்கோ. அடுத்த வருசம் காவடி எடுக்கறதுக்கு."