பாட்டில் மூடி வாஷரும் அடுத்தவன் பேரும்

என் கணவருக்குக் கை சும்மா இருக்காது. வம்பில்லாமல் ஓடிக்கொண்டிருந்த விற்பனைப் பக்கங்களைப் பத்து நாளைக்கு முன்னால், "கொஞ்சம் தூக்கி விடறேன்" என்று தொட்டார். திங்கட்கிழமை காலையில் ஒரு பக்கத்தைக் காணோம்.

நாங்கள் விற்பது தண்ணீர் பாட்டில் மூடிக்குள் போடும் சிலிக்கான் வாஷர். முன்னறையில் நாத்தனார் சிலிக்கான் ஷீட்டில் அச்சை அழுத்தி வெட்டுவாள், நான் பாக்கெட் போடுவேன், இணையச் சந்தையில் ஏற்றுவது அவர். பன்னிரண்டு அளவு, பன்னிரண்டு பக்கம். காணாமல் போனது அதிகம் விற்கிற பெரிய வாஷரின் பக்கம். வாங்கியவர்கள் நாலு வருடமாக எழுதிய நல்ல வார்த்தை அத்தனையும் அதில்தான் இருந்தது.

சந்தையிலிருந்து மெயில் வந்திருந்தது. தலைப்பில் அனுமதியில்லாமல் வேறொருவரின் பதிவுபெற்ற பெயர், நிரூபிக்க முடியாத வாக்குறுதிகள். இன்னொரு முறை நடந்தால் கணக்கே மூடப்படும். இந்த வேலையை நம்பித்தான் நாத்தனார் போன மாதம் தனியாக வீடு பார்த்துப் போயிருந்தாள்.

தலைப்பைப் படித்தேன். பெரிய பாட்டில் கம்பெனி ஒன்றின் பெயர் முதலில். பின்னாலேயே 'ஒரிஜினல், உலகிலேயே சிறந்தது, ஆயுளுக்கும் கசியாது, கிருமி நூறு சதவீதம் அண்டாது.' வாஷரின் அளவை மட்டும் காணோம்.

"எந்தக் கிருமிகிட்ட கேட்டு எழுதினீங்க?"

"எல்லாரும்தான் போடறாங்க. அந்தப் பேர் இல்லேன்னா யார் கண்ணுல நாம படுவோம்?"

இதையே அவர் முறையீடாகவும் எழுதி அனுப்பிவிட்டார், எல்லாரும்தான் போடுகிறார்கள் என்று. மாலையே நிராகரித்துவிட்டார்கள். பின்னே, ஆரத்தியா எடுப்பார்கள்?

"எந்திரிங்க" என்று நாற்காலியைப் பிடுங்கிக்கொண்டேன்.

நாத்தனார் அளவுகோலோடு வந்து உட்கார்ந்தாள். அவள் அளந்து சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: 'சிலிக்கான் வாஷர், தண்ணீர் பாட்டில் மூடிக்கு, வெளிவிட்டம் 45 மி.மீ., உள்விட்டம் 37 மி.மீ., தடிமன் 2.5 மி.மீ., வெள்ளை, 4 எண்ணம்.' அவ்வளவுதான். ஏற்றியவர் அவரே என்பதால் மற்ற பதினொன்றிலும் அதே கூத்து. எல்லாவற்றையும் மாற்றினோம்.

"உணவுக்கு உகந்ததுன்னாவது போடுவோமே அண்ணி?"

"ஷீட் விக்கறவர் சோதனைச் சான்று குடுத்திருக்காரா?"

"கேக்கவே இல்லையே."

"அப்ப கேட்டு வாங்கு. கையில வந்தப்புறம் போடலாம்."

அனுப்பும் பொத்தானில் விரலை வைக்கப் போனேன். நாத்தனார் திரையின் அடியைக் காட்டினாள். "இங்க 'தேடல் சொற்கள்'னு ஒரு கட்டம் இருக்கே, இது என்ன?"

என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திறந்தால், பன்னிரண்டு பக்கத்திலும் மூன்று கம்பெனிகளின் பெயர்கள்!

"அது வாங்கறவங்களுக்குத் தெரியாது" என்றார் முனகலாக.

"கணக்கை மூடறவங்களுக்குத் தெரியுமேங்க! தலைப்பை மட்டும் துடைச்சு அனுப்பியிருந்தா இன்னிக்கே கதை முடிஞ்சிருக்கும்!"

கத்திவிட்டேன். அவர் திருப்பிக் கத்தவில்லை. "ரெண்டு மாசமா ஆர்டர் குறைஞ்சுபோச்சு. தங்கச்சி புது வீட்டுக்குப் போன நேரத்துல வேலை இல்லேன்னு எப்படிச் சொல்றது? பயந்துட்டேன்" என்றார். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கும் கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதியை வைத்துக்கொண்டே அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக அழித்தேன்.

முறையீட்டை இந்தத் தடவை நான் எழுதினேன். என்ன தப்புச் செய்தோம், எங்கெங்கே நீக்கினோம், இனிமேல் ஏற்றும் முன் இன்னொருவர் படித்துப் பார்ப்பார் என்று மூன்றே பத்தி. சாக்குப்போக்கு ஒரு வரி கிடையாது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை மதியம் அவர் கணினி முன்னாலிருந்து, "வந்துருச்சு! பக்கம் வந்துருச்சு!" என்று கூவினார். ஓடிப்போய்ப் பார்த்தால், பழைய மதிப்புரை ஒன்றுகூடக் குறையாமல் அப்படியே இருந்தது. அப்பாடா! நாத்தனார் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும்தான் அழுதேன், வெட்கமென்ன.

மறுநாள் காலை ஆர்டர் ஒன்றோடு ஒரு குறிப்பும் வந்திருந்தது. அவர் சத்தமாகப் படித்தார்: "என் பாட்டில் எந்தக் கம்பெனி என்றே தெரியாது, பெயர் அழிந்துவிட்டது. வாஷரை அளந்து பார்த்தேன், 45. ஒரு வாரமாகத் தேடுகிறேன். இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள்?"

படித்து முடித்தவர் எங்கள் இருவரையும் பார்த்தார்.

"அடுத்தவன் பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்தோம்னு எழுதட்டுமா?" என்றாள் நாத்தனார்.