சீரான அலை

தினமும் காலையில் அவன் பல் தேய்த்து, காபி போட்டு, மனைவியின் காதில் சென்சாரை மாட்டுவான். மருத்துவமனையில் அவன் பயோஃபீட்பேக் பயிற்சியாளன்; இதயத்துடிப்பைத் திரையில் காட்டி மூச்சைப் பழக்குவது அவன் வேலை. அவளுக்குப் பதற்ற நோய். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று அவள் நிதானமாக விட, மூச்சோடு ஏறி இறங்கும் இதயத்துடிப்பு திரையில் சீரான அலையாகும்.

"அலை அம்சமா வருது. இனி டாக்டர் எதுக்குடி?" என்று அவளுடைய மனநல மருத்துவரின் அப்பாயின்ட்மென்ட்டை அன்று ரத்து செய்தான்.

மதியம் ஒரு நோயாளியிடம் அவன் வழக்கம்போலச் சொன்னான்: "மெதுவா மூச்சு விட்டாலே இந்த அலை வரும் சார். சிலருக்குப் பதற்றம் குறையுது. ஆனா குறைஞ்சுதா இல்லையான்னு மெஷின் சொல்லாது, நீங்கதான் சொல்லணும். இப்ப எப்படி இருக்கு?"

திரும்பினால், சாப்பாட்டு டப்பாவோடு வாசலில் அவள். டப்பாவை மேசையில் வைத்தாள். வீட்டைவிட்டுப் போகுமுன் அவனிடம் அவள் கடைசியாகப் பேசியது அங்கேதான்:

"ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் கேக்கறீங்க. என்னை ஒரு நாளாவது கேட்டீங்களா?"