எழுப்பலாமா, விடலாமா?

இரண்டு நாள் விடுமுறையில் மகள் நடுராத்திரி வரை கொட்டமடித்துவிட்டு, வெயில் ஏறிய பிறகே எழுந்தாள். திங்கட்கிழமை காலை அவளை எழுப்புவதா, விடுவதா என்று அப்பாவுக்குப் புரியவில்லை. பகலில் அவளைப் பார்த்துக்கொள்ளும் குழந்தைகள் காப்பகத்து அக்காவுக்குப் போன் செய்தார்.

“தூங்கட்டும்னு விட்டா இன்னைக்கு ராத்திரியும் இதே கூத்துதான். வழக்கமான நேரத்துக்கே எழுப்பி, வெளிச்சத்துல உட்கார வைங்க. மதியத் தூக்கம் நீளாம நான் பாத்துக்கறேன்.”

எழுப்பினார். “இன்னும் ராத்திரிப்பா,” என்று அழுதாள். ஜன்னல் வெயிலைக் காட்டியும் நம்பவில்லை.

மாலை காப்பகத்திலிருந்து அழைத்துவரும்போதே தோளில் சாய்ந்தாள். தூங்கவிட்டால் பாவமா, விடாவிட்டால் பாவமா? குழப்பத்தோடே பூங்காவுக்குத் தூக்கிப்போய்ப் பந்தை உருட்டிவிட்டார். சிணுங்கிக்கொண்டே துரத்தினாள். இரவு சற்று முன்னதாகவே விளக்கை அணைத்தார். கதை தொடங்குமுன் தூங்கிவிட்டாள். தான் செய்தது சரிதானா என்று அவருக்கு இன்னும் பிடிபடவில்லை.