மாத்திரை எழுதிய கட்டுரை

அவரை எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக் கணக்கில் பத்திரமாக இருந்தது. நிறுவன ஆண்டு விழா, பரிசளிப்பு, பிரிவுபசாரம், புதுக் கிளை திறப்பு என்று எங்கே ஒலிபெருக்கி கட்டினாலும் அதன் பின்னால் அவர் நிற்பார். தொழிலுக்கு வேண்டிய முதலீடு அடைமொழியும் சிரிப்பும்தான். குழாய் ஒப்பந்தக்காரரை ‘நீர்வழிச் சிந்தனையாளர்’ என்று அறிவித்துவிட்டு, அதை நம்புகிறவர் போல முகம் மலர வேண்டும். ‘மூஞ்சியைப் பாரு’ என்று உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது உள்ளேயே ஓடும். முப்பது வருஷத்தில் ஒரு சொட்டுகூட வெளியே கசிந்ததில்லை.

கசியவிட்டது மயஸ்தீனியா கிராவிஸ் என்கிற தசைச் சோர்வு நோய்.

முதலில் இடது இமை இறங்கியது. தூக்கக் கலக்கம் என்றார்கள். பிறகு மாலையானால் ஒரு தெருவிளக்கு இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடி மாற்றச் சொன்னார்கள். ரொட்டியை மெல்லத் தொடங்கினால் பாதியில் தாடை வேலைநிறுத்தம் செய்தது. கீழிருந்து கையால் முட்டுக் கொடுத்து மென்றார். தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. காலையில் எழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதால் வைத்தியரிடம் போகும்போதெல்லாம் ஆரோக்கியமாகவே போய்ச் சேர்ந்தார். “மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க” என்று ஒருவர் சத்து மாத்திரை எழுதித் தந்தார்.

கடைசியில் ஒரு நரம்பு மருத்துவர், சாயங்கால நேரத்தில் வரச்சொல்லி, தொங்கும் இமைமேல் ஐஸ் கட்டிப் பையை வைத்துக் கொஞ்ச நேரம் பொறுத்தார். எடுத்தபோது இமை திரைச்சீலை போல மேலே போயிருந்தது. ரத்தப் பரிசோதனை அதையே சொன்னது. நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள சுரப்பியில் கட்டி ஏதும் உண்டா என்று ஸ்கேன் எடுத்தார்கள்; இல்லை.

“நரம்பு சரியாத்தான் ஆர்டர் போடுது. தசையும் நல்லாத்தான் இருக்கு” என்றார் மருத்துவர். “நடுவுல ஆர்டர் வாங்குற வாசல் இருக்கு பாருங்க, அதை உங்க உடம்போட காவல்காரனே எதிரின்னு நினைச்சு அடைச்சு வெச்சுட்டான். முதல் தடவை கூப்பிட்டா தசை வரும். திரும்பத் திரும்பக் கூப்பிட்டா வராது. ஓய்வு கொடுத்தா மறுபடி வரும்.”

அரசாங்க அலுவலகம் மாதிரி என்று மைக் நினைத்துக்கொண்டார்.

மாத்திரை போட்டு அரை மணி நேரத்தில் உடம்புக்கு விடியும். மூன்று நாலு மணி நேரத்தில் அஸ்தமிக்கும். இடையில் வயிற்றைப் பிசையும், வாயில் எச்சில் ஊறும். கூடவே கொடுத்த ஸ்டீராய்டில் முகம் பூரித்து உருண்டையானது. பார்த்தவர்களெல்லாம் “முன்னைக்கு இப்ப நல்லா தெளிவா இருக்கீங்களே!” என்றார்கள்.

தொழில் போனது ஒரு பரிசளிப்பு விழாவில். வரவேற்புரை கம்பீரமாகத்தான் ஆரம்பித்தது. பேசப் பேசக் குரல் மூக்குக்கு ஏறியது. ஜலதோஷம் பிடித்த நாதஸ்வரம் போல ஆயிற்று. நிறுவனத் தலைவரை ‘மனிதநேயச் சிகரம்’ என்று அழைத்து, பழக்கம்போல அவரைப் பார்த்துச் சிரித்தார். மேலுதட்டின் நடுப்பகுதி மட்டும் தூக்கிக்கொண்டது. உதட்டோரம் இரண்டும் அசையவில்லை. தபால்காரரைப் பார்த்த நாய் பல்லைக் காட்டுமே, அப்படி. சிகரம் தன் உதவியாளரிடம் குனிந்து, “என்ன, குடிச்சிருக்கானா?” என்றது. சிகரத்தின் முன்னாலிருந்த மைக் ஆன் ஆகியிருந்தது.

அதன் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

நரம்பு நோயாளர் நலச் சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தது இந்த நிலையில்தான். ஓய்வுபெற்ற அதிகாரி. அவருக்கு எந்த நோயும் கிடையாது; ஓய்வுபெற்ற பிறகு உட்கார ஒரு நாற்காலி தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றார்.

“தலைப்பு நானே வெச்சுட்டேன். ‘வீழ்த்த வந்ததை வீழ்த்தினேன்’. நீங்க உடம்பை மட்டும் எழுதிக் குடுத்தாப் போதும்.”

மைக்குக்கு உள்ளூரச் சந்தோஷம். மேடை போனாலும் மேடையில் நின்ற ஆள் போகவில்லை என்று ஊருக்குக் காட்ட ஒரு வழி கிடைத்ததே. காலை மாத்திரை வேலை செய்ய ஆரம்பித்ததும் மேசையில் உட்கார்ந்தார். அதன் வேகம் இறங்கத் தொடங்கியதும் எழுந்தார். நாலைந்து காலைகளில் கட்டுரை முடிந்தது. ‘நோய் என் கதவைத் தட்டியது, நான் திறந்து, உள்ளே வா, உன்னோடு உரையாடுவோம் என்றேன்’ என்று ஆரம்பம். படித்துப் பார்த்தார். அவருக்கே கை தட்டவேண்டும் போலிருந்தது. செயலாளருக்கு அனுப்பினார். “அச்சகத்துக்குப் போயாச்சு! அற்புதம்!” என்று உடனே பதில் வந்தது.

மனைவி தபால் நிலையக் கவுண்டரில் வேலை பார்ப்பவர். முத்திரை குத்திக் குத்திப் பழகிய கை, பேச்சும் அப்படித்தான். மாலையில் வந்து, காலணியைக் கழற்றிவிட்டு, கட்டுரையை நின்றபடியே படித்தார்.

“யாருங்க இது?”

“என்ன யாரு? நான்தான்.”

“நல்ல மனுஷனா தெரியறாரு. எனக்கும் ஒரு தடவை அறிமுகப்படுத்தி வைங்க.”

“கிண்டல் வேணாம். எல்லாம் நடந்ததுதான்.”

“நடந்ததுதான். இந்த ஆளு காலையில பத்து மணிக்கு இருப்பாரு. அப்ப நான் கவுண்டர்ல இருக்கேன். எனக்கு வாய்ச்சது சாயங்காலம் அஞ்சு மணி ஆளு. சட்டைப் பொத்தான் போட முடியலைன்னு சட்டையைத் திட்டுறவரு. அவரைப் பத்தி இதுல ஒரு வரி இல்லையே. செத்துட்டாரா?”

மைக்குக்குச் சுருக்கென்றது. கோபம் காட்டப் புருவத்தை உயர்த்தப் பார்த்தார், அது உயரவில்லை. அந்த அம்மாள் அடுப்படிக்குப் போய்விட்டார்.

நாற்காலியின் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டு யோசித்தார். ஒரு வாக்கியம்கூட பொய் இல்லை. ஆனால் ஒரு வாக்கியம்கூட மாத்திரை இல்லாத நேரத்தில் எழுதியது இல்லை. நோயைப் பற்றி எழுத உட்கார்ந்ததெல்லாம் நோய் வெளியே போயிருந்த நேரம். எஜமான் இல்லாத வீட்டில் உட்கார்ந்து எஜமானைப் பற்றி வீரவசனம். கட்டுரையை எழுதியவர் அவர் இல்லை, மாத்திரை. அதற்குப் பழைய மைக்கின் நடை அத்துப்படி.

மறுநாள் பகல் மாத்திரை இறங்கிக்கொண்டிருக்கும்போது உட்கார்ந்தார். எதையும் தள்ளிப்போடவில்லை, அடுத்த மாத்திரை அதன் நேரத்துக்குப் போட்டாக வேண்டும், அது விளையாட்டுக் காரியமில்லை. நடுவில் கிடைத்த அந்தத் தேய்பிறை நேரம் மட்டும். வரி இரண்டாகத் தெரிந்தது. ஒரு கண்ணைப் பஞ்சால் மூடி ஒட்டிக்கொண்டார், ஒன்றானது. மோவாயை இடது கையில் தாங்கினார். வலது கை கொஞ்ச தூரம் போனதும் மேசையில் படுத்துக்கொண்டது. எழுந்து மறுபடி போனது. முதலில் உதிர்ந்தது அடைமொழி. அதைத் தூக்கக் கையில் தெம்பில்லை. பிறகு உவமை. பிறகு ‘ஆனாலும்’. மிஞ்சியது என்ன நடந்தது என்பது மட்டும். அதை எழுதினார். எரிச்சலாக, ஒழுங்கில்லாமல் வந்தது.

அதில் ஒரு பத்தி இது:

‘மனைவி புதுக் கண்ணாடி போட்டு வந்தாள். எப்படி இருக்கு என்றாள். நன்றாக இருந்தது. சிரித்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டாள். ஏன் என்று புரியவில்லை. பிறகு லிஃப்டின் கண்ணாடியில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தபோது என் முகத்தைப் பார்த்தேன். முப்பது வருஷம் பொய்யாகச் சிரித்தேன், எல்லோரும் நம்பினார்கள். இப்போது மெய்யாகச் சிரித்தால் ஏளனம் தெரிகிறது. உள்ளே ஒளித்து வைத்திருந்த ஆள் இவன்தானோ என்று பயமாக இருக்கிறது. சிரிக்கிறவன் நான் என்றால், இது யார்? இவன்தான் நான் என்றால், சிரித்தவன் யார்? கை வலிக்கிறது.’

மனைவி இதை உட்கார்ந்து படித்தார். படித்து முடித்தும் காகிதத்தைக் கீழே வைக்கவில்லை.

“அன்னிக்கு… சிரிச்சீங்களா?”

“ம்.”

“கிழவிக்கு இது ஒரு கேடான்னு பார்க்குறீங்கன்னு நினைச்சேன்.”

“அதை… சொல்றதுதானே?”

“சொல்லி என்ன ஆகப்போகுது, கடையில திருப்பி எடுத்துக்கவா போறான்?” என்றவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு, “இதைத்தான் போடணும்” என்றார்.

கட்டுரையை மாற்றவேண்டும் என்று சொல்லியனுப்பியதும் செயலாளர் நேரிலேயே வந்தார். புதுக் கட்டுரையை, கோப்பில் குறிப்பெழுதுகிறவர் போலப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தார்.

“சார், தப்பா எடுத்துக்காதீங்க. இதுல போராட்டம் எங்க? வெற்றி எங்க? புதுசா நோய் வந்தவங்க படிச்சா என்ன நினைப்பாங்க?”

“நமக்கு மட்டும்… இல்லைன்னு… நினைப்பாங்க” என்றார் மைக். மாத்திரை இறங்கியிருந்தது, குரல் மூக்கில் இருந்தது.

“வழிகாட்டணும் சார், நாம! சரி, ஒரு சமரசம். இதையே போடுறேன். கடைசியா ‘ஆயினும் நான் வென்றேன்’னு ஒரே ஒரு வரி.”

“வெல்லலையே.”

“அது நடைமுறை. இலக்கியத்துல வெல்லலாம்.” செயலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நான் ஒரு துறையையே தலைகீழா மாத்தினவன். எனக்குத் தெரியாததா? முதல் கட்டுரைதான் அச்சுக்குப் போயிருக்கு. அது அப்படியே வரட்டும்.”

“அதுல என் பேர் வேணாம். அதை எழுதினது… மாத்திரை.”

“மாத்திரை பேர்ல எப்படி சார் போடுறது? ஆசிரியர் படம் வேற போடணும்!”

மைக்கின் மேலுதடு நடுவில் தூக்கிக்கொண்டது. இரண்டு முன்பற்கள் தெரிந்தன. செயலாளரின் முகம் சிவந்தது.

“என்ன சார், நக்கலா? நான் சங்கத்துக்காக ஓடி ஓடி உழைக்கிறேன், நீங்க என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுறீங்க!”

“அது சிரிப்புங்க” என்றார் மனைவி. “இப்பத்தானே அதைப் படிச்சீங்க? கையிலதான் இருக்கு.”

செயலாளர் காகிதத்தைப் பார்த்தார். மைக்கின் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் காகிதத்தைப் பார்த்தார். அவரது பதவிக் காலம் முழுவதிலும், படித்த கோப்பு இப்படி எதிரே வந்து உட்கார்ந்ததில்லை போலும். பேனாவை மூடினார்.

“அந்த வரி… வேணாம்” என்றார் மெதுவாக. பிறகு தொண்டையைச் செருமி அதிகாரத்தை மீட்டுக்கொண்டார். “பழையதை அச்சகத்துலேருந்து எடுத்துடுறேன். ஆனா இதை முதல் பக்கத்துல எல்லாம் போட முடியாது. கடைசியில, மருந்துக் கடை விளம்பரத்துக்குப் பக்கத்துல இடம் இருக்கு. தலைப்பையும் நீங்களே வெச்சுக்குங்க.”

காகிதத்தை மடித்துக்கொண்டு போனார். கதவை மூடிவிட்டு வந்த மனைவி, மாத்திரையையும், மூக்கில் ஏறாமலிருக்கப் பாதி நிரப்பிய தம்ளரையும் நீட்டினார். மைக் மோவாயைத் தாழ்த்தி, மடக்கு மடக்காக விழுங்கினார். வெற்றிக் களிப்பு ஒன்றும் வரவில்லை. கழுத்து தலையைச் சுமக்க மறுத்தது. நாற்காலியில் சரிந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏங்க.”

“ம்.”

“உண்மையைச் சொல்லுங்க. அது சிரிப்பா, நக்கலா?”

மைக் மோவாயைக் கையால் தாங்கிக்கொண்டார். யோசிக்கிறாரா, தாடைக்காகக் காத்திருக்கிறாரா என்று தெரியவில்லை.

“நக்கல்தான்” என்றார் மூக்கால்.

அந்த அம்மாள் தம்ளரை மேசையில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். “பாவம், அந்த மனுஷன்!”

“எனக்கே… சொன்னப்புறம்தான்… தெரிஞ்சுது.”

“இனிமே அப்படித்தான். மூஞ்சியைப் பார்த்து எனக்கு ஒண்ணும் தெரியாது. எதுவா இருந்தாலும் வாயால சொல்லிடுங்க.”

சொல்லவேண்டியது முப்பது வருஷத்துக்கு இருந்தது. மைக் வாயைத் திறந்தார். தாடை இறங்கியது, ஏறவில்லை. அவர் இரண்டு விரலால் அதைத் தூக்கி மூடிக்கொண்டு, மாத்திரை வேலை செய்யட்டும் என்று சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். மனைவி முக்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.