ஞாயிற்றுக்கிழமை புதுப்பாடம் இல்லை

கார்குழலியும் அவள் தோழி மகிழினியும் வியாசர்பாடி நூலகத்தில் குரூப் 4 தேர்வுக்குச் சேர்ந்து படித்தார்கள். பொது அறிவுப் பாடத்திட்டத்தைத் தலைப்புவாரியாகப் பிரித்து அட்டவணை போட்டவள் கார்குழலி. பாடங்கள் பின்தங்கியதும் ஞாயிற்றுக்கிழமைத் திருப்புதலை நிறுத்திவிட்டு, புதிய பாடங்களையே படித்துக்கொண்டு போனாள்.

மாதிரித் தேர்வில், கடைசியாகப் படித்த புவியியல் கைகொடுத்தது. முதலில் படித்த அரசியலமைப்பு காலை வாரியது. உயர் நீதிமன்றம் நீதிப்பேராணை வழங்கும் பிரிவு 226. கார்குழலி 32 என்று குறித்திருந்தாள்.

"32 சுப்ரீம் கோர்ட்டுன்னு நான்தான்டி உனுக்கே சொல்லிக்குடுத்தேன். எனுக்கே மறந்துபூட்ச்சு" என்று கலங்கினாள்.

"இன்னாத்துக்கு பேஜாராவுற? நீ படிக்காம இல்ல, திருப்பிப் பாக்கல. அவ்ளோதான்" என்றாள் மகிழினி.

இருவரும் அட்டவணையை மாற்றினார்கள். தினமும் புதுப்பாடத்துக்கு முன்னால், நேற்றுப் படித்ததைப் புத்தகத்தை மூடிவைத்துச் சொல்லிப் பார்த்தார்கள். ஞாயிறு முழுக்கத் திருப்புதலும் பழைய வினாத்தாள்களும்தான். வேகம் குறைந்தது, இரண்டு தலைப்புகள் தொடாமலே நின்றன.

ஆனால் அடுத்த மாதிரித் தேர்வில் அரசியலமைப்பில் கார்குழலிக்கு ஒரே ஒரு கேள்விதான் தவறியது.

"எனுக்கு ரெண்டு தப்புடி" என்று மகிழினி சிணுங்கினாள்.

"வா, டீ குடிச்சிட்டு அந்த ரெண்டையும் பாக்கலாம்" என்று கார்குழலி சிரித்தபடி அவளை இழுத்துப் போனாள்.